வார்னிங் லெட்டருக்கு முன்: தம்பிக்குச் சொன்னது புரியவில்லையா, வேலை தெரியவில்லையா, மனசு இல்லையா?

ஈரோடு_கணக்கு எழுதியது:

ஈரோட்டில் ஒரு ஜிஎஸ்டி கன்சல்டன்சி ஆபீஸில் சீனியராக இருக்கிறேன். முதலாளிக்கு அடுத்து மற்றவர்கள் வேலையைப் பார்ப்பது நான்தான். எங்களிடம் ஒரு தம்பி, பி.காம் முடித்து வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, இப்போது பதினோரு பார்ட்டிகளின் ரெகோ அவன் பொறுப்பு. இந்த வேலை தெரியாதவர்களுக்காக: சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்கள் மாதாமாதம் 14-ஆம் தேதி போர்ட்டலில் GSTR-2B-யாக வரும். அதைப் பார்ட்டியின் பர்சேஸ் கணக்கோடு ஒப்பிட்டு, பர்சேஸில் கட்டிய வரியில் எவ்வளவைக் கிரெடிட்டாக எடுத்துக் கழித்துக்கொள்ளலாம் என்று பார்த்து, 20-ஆம் தேதிக்குள் GSTR-3B என்ற மாத ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.

நாலைந்து மாதமாகவே சரியில்லை. 18-ஆம் தேதி ராத்திரி வரைக்கும் ஃபைல் என் கைக்கு வராது. வந்தாலும் ஓட்டை. ஒரு பார்ட்டிக்கு கார் இன்சூரன்ஸுக்குக் கட்டிய வரியைக் கிரெடிட்டில் சேர்த்துவிட்டான், கடைசி நிமிடத்தில் நான் பார்த்து எடுத்தேன். இன்னொரு பார்ட்டிக்கு 2B-யில் வராத பில்கள் வரிசையாகக் கிடக்கின்றன, ஒரு சப்ளையருக்குக்கூட அவன் போன் போடவில்லை. கேட்டால் "பார்க்கிறேன் சார்" என்பான், அதற்கு மேல் பேச்சு வராது. கையில் எப்போதும் போன்.

முதலாளி வார்னிங் லெட்டர் அடி என்கிறார். பக்கத்து சீட் அக்கா, நாலு நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள் சரியாகிவிடும் என்கிறார். இரண்டில் எதைச் செய்வதென்று முடிவெடுக்கும் முன் எது காரணம் என்று தெரிய வேண்டும். நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கறார்_காளை:

பாஸ், ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்ப முடியாது. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41. நியாயமான காரணம் வேண்டும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் வேண்டும். அவர் மேல்முறையீடும் போகலாம். எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு_கணக்கு:

அண்ணே, நான் அனுப்புவதைப் பற்றிக் கேட்கவே இல்லை. எதனால் இப்படி என்பதைத்தான் கேட்டேன்.

கறார்_காளை:

லெட்டர் என்று பார்த்தேன், அங்கேதான் போய் முடியும் என்று நினைத்தேன். சரி, நடக்கட்டும்.

போனஸ்_பாண்டி:

ரொம்ப யோசிக்க வேண்டாம் சார். ஒரே சோதனை. "இந்த மாதம் பதினோரு ஃபைலும் 17-ஆம் தேதிக்குள் சுத்தமாகக் கொடு, இரண்டாயிரம் ரூபாய் தருகிறேன்" என்று சொல்லுங்கள். கொடுத்தான் என்றால் வேலை தெரியும், இத்தனை நாள் மனசு இல்லை. கொடுக்கவில்லை என்றால் தெரியவில்லை. டிராக்டர் டீலர்ஷிப்பில் சேல்ஸ் டீம் வைத்திருக்கிறேன், இதுதான் என் வழி.

சேலத்து_அக்கா:

பாண்டி சொல்வதில் பாதி சரி. வேண்டும் என்றால் செய்கிறானா, வேண்டினாலும் முடியவில்லையா என்ற கேள்வி சரியானதுதான். ஆனால் பணத்தை வைத்துக் கேட்டால் ரெகோ மாதிரி வேலையில் பதில் தெளிவாக வராது. 17-க்குள் "சுத்தமாக" என்றால் பொருந்தாத பில்லையெல்லாம் "அடுத்த மாதம் வரும்" என்று ஒரு வரி எழுதித் தள்ளிவிடலாம், ஷீட் பார்க்க அழகாக இருக்கும், மூன்று மாதம் கழித்துத்தான் வெடிக்கும். அதைவிட முக்கியம், சொன்னதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டவனுக்குப் பணம் கொடுத்தால் தப்பான திசையில் இன்னும் வேகமாக ஓடுவான். உங்கள் சோதனை அவனைத் "தெரியாதவன்" கணக்கில் சேர்த்துவிடும்.

ஈரோடு தம்பி, கணக்கு டீம்களைப் பல வருடம் நடத்தியவள் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். "ரெகோ சரியில்லை" என்று மொத்தமாக ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். அது ஒரு வேலை இல்லை, நாலு வேலை. பார்ட்டியிடமிருந்து பில்லும் என்ட்ரியும் வாங்குவது, 2B-யோடு பொருத்துவது, வந்ததில் எதைக் கிரெடிட் எடுக்கலாம் எதை எடுக்கக் கூடாது என்று தீர்மானிப்பது, வராததற்கு சப்ளையரைத் துரத்துவது. இந்த நாலிலும் ஒரே காரணத்தால்தான் தடுக்கி விழுகிறான் என்று யார் சொன்னது? ஒரே ஆளுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம், இன்னொன்று தன் வேலையே இல்லை என்று நினைத்திருக்கலாம், மூன்றாவது பிடிக்காமல் போயிருக்கலாம்.

அதனால் முதலில் அவனிடம் எதுவும் பேச வேண்டாம். கடைசி மூன்று மாத ஃபைல்களை எடுங்கள், நீங்கள் திருத்திய ஒவ்வொரு தவறும் இந்த நாலில் எதில் விழுகிறது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டே போங்கள். அப்புறம் அது எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே தவறு எல்லா ஃபைலிலும் எல்லா மாதமும் ஒரே மாதிரி இருந்தால், அவனுக்குத் தெரியாது அல்லது அவன் வேறு விதமாகப் புரிந்திருக்கிறான், ஏனென்றால் அசட்டை இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஒரே விஷயம் ஒரு ஃபைலில் சரி, இன்னொன்றில் தப்பு என்றால் அவனுக்குத் தெரியும், நேரமோ கவனமோதான் போதவில்லை. ஒரு மாதம் வரைக்கும் நன்றாக இருந்து அதற்குப் பிறகு எல்லாமே சரிந்திருந்தால், அந்த மாதத்தில் ஆபீஸில் என்ன மாறியது என்று உங்களை நீங்களே கேளுங்கள்.

கூடவே ஒரு தாள் வேலை. "ரெகோ முடிந்தது என்றால் என்னென்ன இருக்க வேண்டும்" என்று நீங்கள் எழுதுங்கள், முதலாளியை எழுதச் சொல்லுங்கள், தம்பியையும் எழுதச் சொல்லுங்கள். தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல். தம்பியிடம் தேர்வு மாதிரிச் சொல்ல வேண்டாம், செக்லிஸ்ட் போடப் போகிறோம் என்று சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

பேக்ஆபீஸ்_மலர்:

இதைப் படிக்கும்போது எனக்குக் கோபமாக வருகிறது, உங்கள் மேல் இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில், இன்சூரன்ஸ் கிளெய்ம் பேப்பர் பார்க்கும் வேலை, என்னை "இன்ட்ரஸ்ட் இல்லாதவள்" என்று ரிவ்யூவில் எழுதினார்கள். காரணம் நான் மீட்டிங்கில் பேசுவதில்லையாம். ஒரு நாளைக்கு இத்தனை ஃபைல் என்று எண்ணிக்கை சொல்வார்கள், ஆனால் டவுட் உள்ள ஃபைலைத் திருப்பி அனுப்பினால் அது எண்ணிக்கையில் வருமா வராதா என்று யாரும் சொன்னதில்லை. நான் வராது என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்து சீட்டுப் பெண் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னைவிட இரண்டு மடங்கு காட்டினாள். நாலு மாதம் அப்படிப் போனால் யாருக்கும் மனசு விட்டுப் போகும். அப்புறம் நானும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் கையில் இருப்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

சேலத்து_அக்கா:

மலர் சொன்னதை எல்லாரும் கவனியுங்கள். வாய் மூடிப் போவது, போன், தாமதமாக வருவது, இதெல்லாம் மனசு இல்லாததன் அடையாளம்தான், ஆனால் அந்த மனசு ஏன் போனது என்று அது சொல்லாது. தெரியாத வேலையைச் செய்து தினமும் திட்டு வாங்குபவனும் அப்படித்தான் இருப்பான். அதனால் மனசு இருக்கிறதா என்பதைக் கடைசியாகப் பார்க்க வேண்டும், மற்ற இரண்டையும் கழித்த பிறகு.

ஈரோடு_கணக்கு:

தாள் வேலை முடிந்தது. மூன்று தாள், மூன்று பதில்.

நான் எழுதியது: 2B-யில் வராத ஒவ்வொரு பில்லுக்கும் காரணம் இருக்க வேண்டும், சப்ளையரிடம் பேசிய தேதியும் அவர் சொன்ன பதிலும் பக்கத்தில் இருக்க வேண்டும். முதலாளி எழுதியது ஒரே வரி: "3B-யில் போட வேண்டிய எண் தப்பில்லாமல் வர வேண்டும்." தம்பி எழுதியது: பொருந்தியது ஒரு ஷீட், பொருந்தாதது ஒரு ஷீட், பொருந்தாததைப் பார்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும், சப்ளையரிடம் பார்ட்டி பேசிக்கொள்வார்.

போய்ப் பார்த்தால் உண்மையிலேயே ஒவ்வொரு மாதமும் அனுப்பியிருக்கிறான், எல்லாப் பார்ட்டிக்கும், லிஸ்ட்டோடு. எங்கள் ஆபீஸில் சப்ளையருக்கு போன் போடுவது பழைய ஆள்கள் பழக்கத்தில் செய்வது, எங்கும் எழுதி வைத்ததில்லை. பார்ட்டிகளில் பாதிப் பேர் அந்த மெசேஜைத் திறக்கவே இல்லை என்பது வேறு கதை.

தவறுகளைக் குறித்துப் பார்த்ததில் பொருத்தும் வேலையில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. கிரெடிட் எடுக்கக் கூடாததை எடுத்தது மட்டும் எல்லா ஃபைலிலும், எங்கெல்லாம் கார் செலவோ சாப்பாட்டு பில்லோ இருக்கிறதோ அங்கெல்லாம். தாமதம் எல்லா ஃபைலிலும்.

போனஸ்_பாண்டி:

ஒன்றரை வருடமாக ஆபீஸில் இருக்கிறான், மற்றவர்கள் போன் போடுவது காதில் விழாதா? நாம் போட வேண்டுமா சார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அக்கறை இருப்பவன் கேட்பான்.

சேலத்து_அக்கா:

கேட்டிருக்கலாம். ஆனால் தனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது என்று தெரிந்தவன்தான் கேட்பான். இவன் லிஸ்ட்டை அனுப்பியதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறான். முதலாளிக்கும் உங்களுக்குமே பதில் வேறு வேறாக இருக்கும்போது அவனிடம் மட்டும் சரியான பதிலை எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இதற்கு லெட்டரும் வேண்டாம், ட்ரெயினிங்கும் வேண்டாம். யார் போன் போடுவது, எந்தத் தொகைக்கு மேல், எந்தத் தேதிக்குள் என்று நீங்களும் முதலாளியும் முதலில் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது கிரெடிட் விஷயம். எதற்கெல்லாம் கிரெடிட் கிடையாது என்று சொல்லும் சட்டப் பிரிவு 17(5). இங்கே "உனக்கு 17(5) தெரியுமா" என்று கேட்டால் யாராக இருந்தாலும் தெரியும் என்றுதான் சொல்வார்கள், கல்லூரியில் படித்திருப்பான். செய்ய வைத்துப் பாருங்கள். ஏற்கனவே தாக்கல் முடிந்த ஒரு மாதத்தை எடுத்து, 2B-யும் பர்சேஸ் ரிஜிஸ்டரும் காப்பி போடுங்கள். அதில் சில பொறிகளை நீங்களே வையுங்கள். ஒரே பில்லுக்கு ஒரு பக்கம் ABC/24-25/045, இன்னொரு பக்கம் வெறும் 45. ஒரு கிரெடிட் நோட். காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் சப்ளையரின் பில் ஒன்று. ஒரு கார் ரிப்பேர் பில். பக்கத்தில் உட்காருங்கள், அவசரமே வேண்டாம், செய்துகொண்டே என்ன நினைக்கிறான் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், முகத்தையும் காட்டாதீர்கள், அதுதான் கஷ்டம்.

நேரம் கொடுத்தும், பக்கத்தில் ஆள் இருந்தும் தப்பினால் அது தெரியாதது. இங்கே சரியாகச் செய்து, 18-ஆம் தேதி மட்டும் தப்பினால் தெரியாதது இல்லை. ஒன்று மனதில் இருக்கட்டும், சீனியர் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாரும் கொஞ்சம் நன்றாகவே செய்வார்கள், அதனால் இந்தச் சோதனையில் சரியாக வந்ததற்காக "இவ்வளவு நாள் ஏமாற்றினான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தாமதத்துக்கு வேறு வழி. ஒவ்வொரு பார்ட்டியிடமிருந்தும் டேட்டா எந்தத் தேதி கைக்கு வந்தது என்று பாருங்கள். 18-ஆம் தேதி காலை வரும் டேட்டாவுக்கு 18 ராத்திரி ஃபைல் கொடுத்தால் அது தாமதமே இல்லை.

ஈரோடு_கணக்கு:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து பார்த்தேன். பொருத்துவதில் என்னைவிட வேகம். பில் நம்பரில் கடைசி சாய்வுக் கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணை மட்டும் எடுத்து, முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தையும் நீக்கிவிட்டு VLOOKUP போடுகிறான், அப்படிப் போட்டால் வேறு சப்ளையரின் 45 வந்து ஒட்டிக்கொள்ளும் என்று ஜிஎஸ்டி நம்பரையும் சேர்த்துத் தேடுகிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானே கண்டுபிடித்தது. கிரெடிட் நோட்டைப் பிடித்தான். காலாண்டு சப்ளையரைப் பார்த்ததும் "இவர் நடு மாதங்களில் பில் ஏற்றும் ஐஎஃப்எஃப் போடுவதில்லை சார், காலாண்டு முடிந்துதான் வரும்" என்றான்.

கார் ரிப்பேரை எடுத்துக் கிரெடிட்டில் போட்டான். ஏன் என்று மட்டும் கேட்டேன். "2B-யில் ஐடிசி அவைலபிள் பக்கத்தில்தானே இருக்கிறது சார், போர்ட்டலே எடுக்கலாம் என்கிறது" என்றான். அப்போதுதான் விளங்கியது. போர்ட்டல் அந்தப் பக்கத்தில் கழிப்பது காலக்கெடு தாண்டியது, சப்ளை நடந்த மாநிலம் பொருந்தாதது மாதிரி சிலதை மட்டும். கார், சாப்பாடு, கிளப் என்று சட்டம் தடுத்தவற்றை அது பார்க்காது, பார்க்கவும் முடியாது, அந்த பில் எதற்காக என்று அதற்குத் தெரியாது. அதை நாம்தான் கழிக்க வேண்டும். இவன் போர்ட்டலையே நம்பியிருக்கிறான். இதை அசட்டை என்று நான் எழுதவிருந்தேன்.

டேட்டா தேதி பார்த்ததில், பதினொன்றில் மூன்று பார்ட்டிகள் 17-க்குப் பிறகுதான் கொடுக்கிறார்கள், அதிலும் ஒருவர் பில்களை போட்டோ எடுத்து அனுப்புகிறார். மீதி எட்டுக்கு 15-ஆம் தேதியே எல்லாம் கையில் இருக்கிறது. அந்த எட்டும்கூட 18 ராத்திரிதான் வருகின்றன. இவன் வேகத்துக்கு 16-ஆம் தேதியே பாதியாவது முடிந்திருக்க வேண்டும்.

நன்றாக இருந்த மாதம் எது என்று பின்னோக்கிப் போனேன். ஒரு பெண் கல்யாணமாகி வேலையை விட்டதும் அவருடைய நாலு பார்ட்டிகளை இவனுக்குக் கொடுத்தோம், ஏழு பதினொன்றானது. சம்பளம் அப்படியே. சரிவு அதற்கு அடுத்த மாதத்திலிருந்து. அதோடு, எங்கள் ஆபீஸில் யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ அவர்களிடம் மற்றவர் ஃபைலைத் தள்ளுவது வழக்கம். 16-ஆம் தேதி முடித்தால் 17-ஆம் தேதி வேறொருவர் ரெகோ தலையில் விழும்.

போனஸ்_பாண்டி:

ஆக, மனசுதான் காரணம். நான் முதலிலேயே சொன்னேன்.

சேலத்து_அக்கா:

மூன்றில் ஒன்றுக்குச் சொன்னீர்கள். போன் விஷயத்துக்கு உங்கள் இரண்டாயிரம் ஒன்றும் செய்திருக்காது, கார் விஷயத்துக்கும் செய்திருக்காது. தாமதத்துக்கு வேலை செய்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஏன் வேலை செய்தது என்று தெரிந்திருக்காது. சீக்கிரம் முடிப்பவனுக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு இன்னொருவன் வேலை என்றால், அவன் 18-ஆம் தேதி வரைக்கும் ஃபைலை வைத்திருப்பது கணக்குத் தெரிந்தவன் செய்வதுதான்.

பேக்ஆபீஸ்_மலர்:

அல்லது பதினொரு ஃபைல் ஒருவருக்கு உண்மையிலேயே அதிகமாக இருக்கலாம். எல்லாரும் அவன் வேண்டுமென்றே வைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டீர்கள். முதல் ஃபைல் எப்போது முடிகிறது என்று யாராவது பார்த்தீர்களா?

ஈரோடு_கணக்கு:

இது நல்ல கேள்வி. எக்செலில் கடைசியாக சேவ் செய்த நேரம் பார்த்தேன். நாலு ஃபைல் 16-ஆம் தேதியே சேவ் ஆகி, அப்புறம் தொடப்படவே இல்லை. மற்றவை 18 வரைக்கும் ஓடியிருக்கின்றன. அதனால் இரண்டுமே இருக்கிறது போல. எவ்வளவு எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. போன மாதம் மட்டும்தான் பார்க்க முடிந்தது, பழைய ஃபைல்களைத் திருத்தும்போது நானே மேலே சேவ் செய்திருக்கிறேன்.

சேலத்து_அக்கா:

பிரிக்கலாம். அடுத்த மாதத்துக்கு அவனிடம் ஒன்று சொல்லுங்கள்: முடிந்த ஃபைலை முடிந்த அன்றே கொடு, உன் தலையில் வேறு யார் ஃபைலும் வராது. அதை முதலாளியும் காப்பாற்ற வேண்டும், ஒரு முறை மீறினால் அதோடு போச்சு. அந்த நாலும் 16-ஆம் தேதி வந்துவிட்டால் பிடித்து வைத்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். 15-ஆம் தேதியே டேட்டா வரும் மற்ற நாலும் அப்போதும் 18-க்குத்தான் வந்தால் அது அளவு, மனசு இல்லை, இரண்டு பார்ட்டியை மாற்றிக் கொடுக்க வேண்டியதுதான்.

அதே மாதத்தில் சம்பளத்தையும் ஏற்றி, செக்லிஸ்ட்டும் கொடுத்து, பார்ட்டியையும் குறைத்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. கார், சாப்பாடு லிஸ்ட்டை மட்டும் இன்றே கொடுத்துவிடுங்கள், அது தாமதத்தைத் தொடாது. லெட்ஜர் பெயர்களாகவே கொடுங்கள்: வண்டி ரிப்பேர், வண்டி இன்சூரன்ஸ், ஓட்டல், கிளப், கட்டடச் செலவு. இவற்றைப் பார்த்தால் நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். வகுப்பு எடுக்க வேண்டாம். சட்டத்தில் விதிவிலக்குகள் உண்டு, அதை இப்போது அவன் முடிவு செய்ய வேண்டாம், நீங்கள் செய்யுங்கள்.

போனஸ்_பாண்டி:

அக்கா, அவர் பார்ட்டி ஆள்களின் பணத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சோதனை பண்ண முடியுமா? தப்பாக எடுத்துப் பயன்படுத்திய கிரெடிட்டுக்கு வருடம் 18 சதவீத வட்டி. நாலு ஃபைலைக் கூடுதலாகக் கொடுத்துச் சம்பளம் ஏற்றவில்லை என்பது எந்தச் சோதனையும் இல்லாமலே தெரிகிற அநியாயம். ஏற்றிவிட்டுப் போங்கள்.

சேலத்து_அக்கா:

வட்டி பயத்துக்குத்தான் அந்த லிஸ்ட் இன்றே. சம்பளம் ஏற்ற வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. தாமதத்துக்கு மருந்தாக ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அது கூடுதல் வேலைக்கான கூலி, தாமதம் சரியானாலும் ஆகாவிட்டாலும் கொடுக்க வேண்டியது.

கறார்_காளை:

இதையெல்லாம் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு உதவும்.

ஈரோடு_கணக்கு:

இந்த முறை காளை அண்ணன் சொல்வதைக் கேட்கிறேன், மூன்று தாள்களையும் ஃபைலில் வைத்துவிட்டேன். முதலாளியிடம் பேசினேன். போன் போடுவது ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் வரி உள்ள பில்லுக்கு நம் ஆள், அதற்குக் கீழே பார்ட்டி என்று ஒத்துக்கொண்டார். லெட்டர் பேச்சை நிறுத்திவிட்டார். மற்றவர் ஃபைலைத் தள்ளக் கூடாது என்பதற்கு மட்டும் "அப்படியென்றால் 19-ஆம் தேதி யார் ஓடுவது" என்கிறார், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சம்பளத்துக்கு ஏப்ரல் வரட்டும் என்கிறார். தம்பியிடம் லிஸ்ட் கொடுத்தேன், படித்துவிட்டு, "பழைய மாதத்தில் எடுத்ததெல்லாம் என்ன சார் ஆவது" என்று கேட்டான். இப்போது அவனும் நானும் பழைய ஃபைல்களில் உட்கார்ந்திருக்கிறோம். 14-ஆம் தேதி 2B வந்த பிறகு மிச்சத்தை எழுதுகிறேன்.